நுவரெலியாவிலிருந்து வேலூருக்கு: ஒட்சிசன் தேவைப்படும் அப்பாவை விமானத்தில் அனுப்புவது

"அப்பாவுக்கு 67 வயது. நுரையீரலில் தழும்பு விழும் நோய். வீட்டில் நடக்கும்போது மட்டும் ஒட்சிசன் வைக்கிறோம். சர்க்கரை நோயும் இருக்கிறது. வேலூர் மருத்துவமனையில் நாள் கிடைத்திருக்கிறது. நுவரெலியாவிலிருந்து அவரையும் துணைக்கு ஒருவரையும் விமானத்தில் அனுப்ப என்னென்ன ஆவணங்கள் வேண்டும், எந்த இருக்கையைக் கேட்பது, மருந்துகளை எப்படிக் கொண்டுபோவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்."

தம்பி, இந்தப் பயணத்தில் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கப்போவது, இரத்தத்தின் ஒட்சிசன் அளவைக் காட்டும் ஒக்சிமீட்டரில் தெரியும் ஓர் இலக்கமும், அது எந்த ஊரில் எடுக்கப்பட்டது என்பதும்தான். நான் மலையக வைத்தியசாலைகளில் 28 ஆண்டுகள் தாதிய உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவள். நோயாளிகளுக்குத் துணையாகப் பலமுறை சென்னைக்கு விமானத்தில் போய்வந்திருக்கிறேன். வைத்தியர் அல்ல. எத்தனை லீற்றர் ஒட்சிசன், பயணம் போகலாமா கூடாதா என்பதை உங்கள் நெஞ்சு நோய் வைத்தியர்தான் சொல்ல வேண்டும். அவரிடம் எதைக் கேட்க வேண்டும், எதை எழுதி வாங்க வேண்டும் என்பதை என்னால் சொல்ல முடியும்.

விமானத்தின் உள்ளே இருக்கும் காற்று தரைமட்டத்துக் காற்றைப் போன்றதல்ல. எவ்வளவு உயரத்தில் பறந்தாலும், உள்ளே காற்றழுத்தம் 8,000 அடி, அதாவது சுமார் 2,440 மீற்றர் உயர மலையில் இருக்கும் அழுத்தத்துக்குக் கீழே போகாதபடி வைத்திருப்பார்கள். நுவரெலியா நகரம் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஹோர்ட்டன் சமவெளி அதற்கும் மேலே, 2,100 மீற்றரைத் தாண்டி இருக்கிறது. ஆகவே விமானத்துக்குள் உட்கார்ந்திருப்பது உங்கள் வீட்டில் உட்கார்ந்திருப்பதற்கும் ஹோர்ட்டன் சமவெளிக்குப் போய் உட்கார்ந்திருப்பதற்கும் இடைப்பட்டது, அல்லது அதைவிடச் சற்றுக் கூடுதலானது என்று வைத்துக்கொள்ளுங்கள். கொழும்பில் இருப்பவருக்கு விமானம் ஏறுவது பெரிய மாற்றம். உங்கள் அப்பாவுக்கு அது பழகிய காற்றிலிருந்து இன்னும் கொஞ்சம் மெலிந்த காற்று. இது அவருக்குச் சாதகமாகவும் அமையலாம், பாதகமாகவும் அமையலாம். எந்தப் பக்கம் சாயும் என்பது நீங்கள் கொடுக்கும் கடிதத்தைப் பொறுத்தது.

எப்படி என்று சொல்கிறேன். விமான நிறுவனத்தின் வைத்தியர்கள் பார்க்கும் வழமையான அளவுகோல் கடல்மட்டத்துக்கு உரியது. ஓய்வில் இருக்கும்போது இரத்த ஒட்சிசன் 95 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பொதுவாக விமானத்தில் ஒட்சிசன் தேவையில்லை, 92-க்குக் கீழ் என்றால் தேவை, இடையில் இருந்தால் மேலும் பரிசோதிக்க வேண்டும் என்பது பல ஆண்டுகளாகப் பின்பற்றப்பட்ட கணக்கு. உங்கள் அப்பாவுக்கு நுவரெலியா கிளினிக்கில் 90 என்று எடுத்து, இடத்தைக் குறிப்பிடாமல் எழுதிக் கொடுத்தால், அதை அவர்கள் கடல்மட்டத்து 90 ஆகவே வாசிப்பார்கள். கடல்மட்டத்தில் 90 உள்ள ஒருவர் வானத்தில் மிகவும் கீழே போய்விடுவார் என்று நினைத்து மறுத்துவிடவும் கூடும். இதற்கு நேர்மாறானது இன்னும் ஆபத்தானது. நீர்கொழும்பில் எடுத்த 96-ஐ மட்டும் எழுதிக் கொடுத்தால் "ஒட்சிசன் தேவையில்லை" என்று சுலபமாக அனுமதி வந்துவிடும். அதே மனிதர் விமானத்தில் 88-க்கு இறங்கவும் கூடும். ஆகவே வைத்தியரிடம் இரண்டு அளவுகளையும் எழுதச் சொல்லுங்கள்: நுவரெலியாவில், 1,868 மீற்றர் உயரத்தில், ஒட்சிசன் இல்லாமல் ஓய்வில் இவ்வளவு, நடந்த பின் இவ்வளவு, தாழ்நிலத்தில் ஓய்வில் இவ்வளவு, நடந்த பின் இவ்வளவு. உயரத்தை மீற்றரில் எழுதுவது முக்கியம். நுவரெலியா எவ்வளவு உயரம் என்பது வெளிநாட்டு அலுவலகத்தில் இருக்கும் வைத்தியருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தாழ்நிலத்து அளவுக்காகத் தனியாக ஒருமுறை கொழும்புக்குப் போக வேண்டியதில்லை. கடவுச்சீட்டு வேலையாகவோ ஸ்கான் எடுக்கவோ எப்படியும் ஒருமுறை கீழே இறங்குவீர்கள். அன்றைக்கே எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

அளவெடுக்கும் முறையிலும் எங்கள் ஊருக்கென்று ஒரு தவறு இருக்கிறது. காலைக் குளிரில் விரல் விறைத்திருக்கும்போது ஒக்சிமீட்டரை மாட்டினால் உண்மைக்கு மாறான இலக்கம் வரும். அப்பாவின் கையை வெந்நீர்ப் போத்தலில் வைத்தோ தேய்த்தோ சூடாக்கி, அவர் ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு மாட்டி, இலக்கம் அசையாமல் நிற்கும் வரை ஒரு நிமிடமாவது பொறுத்திருந்து பாருங்கள். மருதாணியோ நகப்பூச்சோ இருந்தால் வேறு விரல். நடந்த பின் எடுப்பதென்றால் சமதரையில் 50 மீற்றர் நடக்கவைத்து, நின்ற உடனே பாருங்கள். நடக்கும்போது மூச்சு வாங்கவில்லை என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். இந்த நோயில் மூச்சு வாங்குவதற்கு முன்பே இலக்கம் விழுந்துவிடுவதுண்டு.

நான் துணைக்குப் போன ஓர் அம்மாவின் கணக்கைச் சொல்கிறேன், உங்களுக்கு அளவு பிடிபடும். அவரும் இதே நோயாளி, கந்தப்பளைப் பக்கம் தோட்டத்தில் இருந்தவர். வீட்டில் ஓய்வில் 90, நடந்தால் 83. நீர்கொழும்பில் ஒருநாள் தங்கியபோது ஓய்வில் 94, நடந்தால் 88. வைத்தியர் விமானத்தில் நிமிடத்துக்கு 2 லீற்றர் என்று எழுதியிருந்தார். இருக்கையில் ஒட்சிசனோடு அவர் முழு நேரமும் 94, 95-இல் இருந்தார். வானத்தில் ஒரு குறையும் இல்லை. குறை வந்தது தரையில். அதைப் பிறகு சொல்கிறேன். இங்கே கவனிக்க வேண்டியது வேறு. நீர்கொழும்பில் இறங்கியதும் அவர் முகம் தெளிந்துவிட்டது. "கீழே வந்ததும் சுகமாகிவிட்டது மகள், இந்தக் குழாய் எதற்கு" என்று கழற்றி வைத்தார். மகனும் சரி என்றார். கீழே காற்று அடர்த்தியாக இருப்பதால் வந்த சுகம் அது, நோய் குறைந்ததால் வந்ததல்ல. விமானம் ஏறி அரைமணி நேரத்தில் அவர் மறுபடியும் மலைக்கே போய்விடுவார் என்பதை அவர்கள் இருவருக்கும் விளக்கிப் புரியவைக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. உங்கள் அப்பாவும் அதையே சொல்வார். முதலிலேயே பேசி வைத்துவிடுங்கள்.

இப்போது ஆவணங்கள். மருத்துவக் கடிதத்தோடு சேர்ந்தது, நோயாளியின் உடல்நிலையை விமான நிறுவனத்துக்குத் தெரிவிக்கும் மெடிஃப் எனப்படும் படிவம். அது விமான நிறுவனத்தின் இணையத்தளத்தில் MEDIF என்ற பெயரிலேயே கிடைக்கும். முதற் பகுதியை நீங்கள் நிரப்ப வேண்டும், இரண்டாம் பகுதியை வைத்தியர் நிரப்ப வேண்டும். துணைக்குப் போகிறவரின் பெயரும் அதில் வரும். நிறுவனத்துக்கு நிறுவனம் காலக்கெடு மாறும். பறப்பதற்கு இரண்டு மூன்று நாட்களுக்கு முன்பாவது கொடுக்கச் சொல்வார்கள், ஆனால் மிகப் பழைய திகதியிட்ட கடிதத்தை ஏற்கமாட்டார்கள். பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு கையெழுத்து வாங்குவது எனக்குச் சரியாக வந்திருக்கிறது. ஆனால் டிக்கெட் வாங்குவதற்கு முன்பே ஒரு கேள்வியைக் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் பெற்றுக்கொள்ளுங்கள்: உங்கள் விமானத்தில் நோயாளிக்கு ஒட்சிசன் தருவீர்களா, அல்லது நாங்கள் கொண்டுவரும் கருவியை அனுமதிப்பீர்களா? குறைந்த கட்டண நிறுவனங்கள் சில ஒட்சிசன் தருவதே இல்லை. டிக்கெட்டை வாங்கிவிட்டு இதைக் கேட்டுப் பணத்தை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வீசாவைப் பொறுத்தவரை, இந்திய மருத்துவமனை தன் கடிதத்தாளில் அப்பாவின் பெயரும் வரவேண்டிய நாளும் எழுதி அனுப்பிய கடிதம்தான் அடிப்படை. அதை வைத்து indianvisaonline.gov.in என்ற அரசாங்கத் தளத்தில் அப்பாவுக்கு மருத்துவ மின்வீசாவும், துணைக்குப் போகிறவருக்கு மருத்துவத் துணையாளர் மின்வீசாவும் விண்ணப்பிக்கலாம். ஒரு நோயாளியோடு இரண்டு துணையாளர்கள் வரை போகலாம். வந்திறங்கும் நாளிலிருந்து 60 நாட்கள் தங்கலாம், அதற்குள் மூன்று முறை உள்ளே போகலாம் என்பது விதி. விதிகள் மாறக்கூடியவை என்பதால் விண்ணப்பிக்கும் அன்று தளத்தில் ஒருமுறை வாசித்துக்கொள்ளுங்கள். வருகைக்குக் குறைந்தது நான்கு நாட்கள் முன்பு விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் நான்கு நாளை நம்பி இருக்க வேண்டாம், இரண்டு மூன்று வாரம் முன்பே செய்யுங்கள். அதே மாதிரித் தோற்றத்தோடு அதிகப் பணம் வாங்கும் தனியார் தளங்கள் நிறைய உண்டு, முகவரியை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். 60 நாள் போதாது என்று மருத்துவமனை முன்கூட்டியே சொல்லியிருந்தால் சாதாரண மருத்துவ வீசாவைக் கேளுங்கள். அதற்குக் கொழும்பு வரை போக வேண்டியதில்லை, கண்டியில் இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயம் இருக்கிறது, முதலில் அங்கே விசாரியுங்கள். துணையாளர் வீசா போகிறவரின் கடவுச்சீட்டில் கட்டுப்பட்டது. கடைசி நேரத்தில் "அம்மாவுக்குப் பதில் தம்பி போகட்டும்" என்று மாற்ற முடியாது. அதனால் இரண்டாவது துணையாளராக இன்னொருவருக்கும் எடுத்து வைப்பது செலவானாலும் நல்லது.

எங்கள் பக்கத்தில் இந்த வேலை எல்லாம் நின்றுபோவது பெயரில்தான். தோட்டத்துப் பதிவில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு எழுத்துக்கூட்டல், கிளினிக் கொப்பியில் கூப்பிடும் பெயர். பிறப்புப் பதிவே இல்லாத முதியவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் எடுக்க வேண்டும். பதிவு மூலம் பிரஜாவுரிமை பெற்றவர்களிடம் கடவுச்சீட்டுக்காக அந்தப் பிரஜாவுரிமைச் சான்றிதழையும் கேட்பார்கள். பழைய இரும்புப் பெட்டியில் தேடி எடுக்க வேண்டிய தாள் அது. இவை எல்லாம் வாரக்கணக்கில் இழுக்கும் என்பதால், அப்பாவிடம் ஆறு மாதத்துக்குக் குறையாமல் செல்லுபடியாகும் கடவுச்சீட்டு இல்லையென்றால் மருத்துவமனையில் நாள் எடுப்பதற்கு முன்பே அதைத் தொடங்குங்கள். கடவுச்சீட்டு கையில் வந்த பிறகு மற்ற எல்லாத் தாள்களும் அதைப் பார்த்து எழுதப்பட வேண்டும். வைத்தியரிடம் கடிதம் வாங்கப் போகும்போது கடவுச்சீட்டின் பிரதியை மேசையில் வையுங்கள். எங்கள் பெயர்களில் தகப்பன் பெயர் முன்னால் வருவதால், டிக்கெட் போடுகிறவர் குடும்பப் பெயர், மற்றப் பெயர் இரண்டையும் தலைகீழாக மாற்றிவிடுவார். டிக்கெட் வந்தவுடன் கடவுச்சீட்டுக்குப் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். கிளினிக் கொப்பியில் பெயர் வேறாக இருந்தால், இருவரும் ஒருவரே என்று வைத்தியர் கடிதத்தில் ஒரு வரி எழுதினால் போதும்.

ஸ்கான் படங்களை இறுவட்டிலும் கொண்டுபோங்கள். வேலூர் வைத்தியர் அறிக்கையைவிடப் படத்தையே பார்க்க விரும்புவார், இல்லையென்றால் மறுபடி எடுக்க வேண்டி வரும்.

துணைக்கு யார் என்பதைப் பாசத்தை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். விமானப் பணியாளர்கள் நோயாளியைத் தூக்கமாட்டார்கள், கழிவறையில் உதவமாட்டார்கள், மருந்து கொடுக்கமாட்டார்கள். அவையெல்லாம் துணையாளரின் வேலை. உங்கள் அம்மாவுக்கே முழங்கால் வலி என்றால் அவர் துணையாளர் அல்ல, இரண்டாவது பயணி. அப்பா உட்கார்ந்திருக்கும்போது நன்றாக இருப்பவர் என்பதால் தாதி கட்டாயம் இல்லை. ஒக்சிமீட்டர் பார்க்கவும், குழாயைச் சரிசெய்யவும், இலக்கம் 88-க்குக் கீழே போனால் என்ன செய்ய வேண்டும் என்று வைத்தியர் சொன்னதைப் பதறாமல் செய்யவும் தெரிந்த மகனோ மருமகனோ போதும். அவரை ஒரு வாரம் வீட்டில் கருவியோடு பழக்குங்கள். படுத்தபடியே கொண்டுபோக வேண்டிய நோயாளி என்றால் கதை வேறு, அதற்குப் பல இருக்கைகளை மடக்கிப் படுக்கை அமைக்க வேண்டும். அது உங்கள் அப்பாவுக்குத் தேவைப்படாது.

இருக்கையைப் பற்றி எல்லோரும் முன்வரிசையைக் கேளுங்கள், கால் நீட்டலாம் என்பார்கள். ஒட்சிசன் கருவியோடு போகிறவருக்கு அது பொருந்தாது. கருவி முன்னிருக்கைக்கு அடியில் இருக்க வேண்டும், முதல் வரிசையில் முன்னால் இருக்கையே இல்லை. அவசர வழிக்குப் பக்கத்து வரிசையில் நோயாளியை உட்கார விடவே மாட்டார்கள். சென்னைக்குப் போகும் விமானங்களில் பெரும்பாலும் பக்கத்துக்கு மூன்று இருக்கைகள். அப்பா ஜன்னல் ஓரத்தில், துணையாளர் அவருக்கு அடுத்து. குழாய் யாருடைய வழியையும் மறிக்கக் கூடாது என்பதற்காகப் பல நிறுவனங்களும் இப்படித்தான் உட்காரச் சொல்லும். பயணம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் என்பதால், ஏறுவதற்குச் சற்று முன் தரையிலேயே கழிவறைக்குப் போய்விட்டால் நடுவில் எழ வேண்டி வராது. சிறுநீர் அதிகம் போகும் மாத்திரை குடிக்கிறவராக இருந்தால் அன்றைக்கு அதன் நேரத்தை மாற்றலாமா என்று வைத்தியரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். எழுந்தே ஆக வேண்டும் என்றால் ஒட்சிசனைக் கழற்றாமல் போக வேண்டும். இலக்கம் விழுவது உட்கார்ந்திருக்கும்போது அல்ல, அந்த இருபது அடி நடையில்தான். ஆகவே முன் கழிவறைக்கோ பின் கழிவறைக்கோ இரண்டு மூன்று வரிசைக்குள் இருக்கையைக் கேளுங்கள். அதைக் கவுண்டரில் கேட்டால் காலம் கடந்துவிடும். இருவர் டிக்கெட்டையும் ஒரே பதிவில் போட்டு, அன்றைக்கே இருக்கையைக் குறித்துவிடுங்கள்.

சக்கர நாற்காலியையும் டிக்கெட்டோடு சேர்த்தே பதிய வேண்டும். அதில் மூன்று வகை உண்டு, திரையில் இப்படித் தெரியும்: WCHR என்றால் படி ஏறுவார், தூரம் நடக்கமாட்டார், WCHS என்றால் படி ஏறமாட்டார், விமானத்துக்குள் இருக்கை வரை நடப்பார், WCHC என்றால் இருக்கை வரைக்கும் தூக்கியே போக வேண்டும். இங்கேதான் நான் அந்தக் கந்தப்பளை அம்மாவுக்குத் தவறு செய்தேன். அவர் நடக்கிறவர்தானே என்று முதல் வகையைப் போட்டோம். அன்றைக்கு விமானம் கட்டடத்தோடு ஒட்டி நிற்காமல் தூரத்தில் நின்றது. பேருந்தில் கொண்டுபோய்ப் படிக்கட்டடியில் இறக்கினார்கள். படி ஏறுவார் என்று பதிந்திருந்ததால் தூக்கி ஏற்றும் வண்டி ஏற்பாடாகவில்லை. அவர் ஏறினார். மேலே போனபோது உதடு நீலம் பாரித்து, இலக்கம் 78. ஒட்சிசனோடு பத்து நிமிடம் உட்கார்ந்த பிறகே 90-ஐத் தாண்டியது. வானம் அவரை ஒன்றும் செய்யவில்லை, இருபது படிகள் செய்தன. உங்கள் அப்பாவுக்கு WCHS என்றே போடுங்கள். நடக்கத் தெரிந்தவர்தானே என்று யாராவது சொன்னால், படி ஏறினால் அவருக்கு ஒட்சிசன் இறங்குகிறது என்று வைத்தியர் எழுதியதைக் காட்டுங்கள்.

ஒட்சிசனைப் பற்றி ஒரு கணக்குப் போட வேண்டும். வீட்டில் வைத்திருக்கும் சிலிண்டரையும் பெரிய கருவியையும் விமானத்தில் கொண்டுபோக முடியாது. விமான நிறுவனம் தரும் ஒட்சிசன் இருக்கையில் மட்டும்தான். முதல்நாள் இரவு தங்கும் நீர்கொழும்பு விடுதியிலிருந்து புறப்பட்டு, மூன்று மணி நேரம் முன்னதாக நிலையத்துக்குப் போய், பறந்து, சென்னையில் குடிவரவு வரிசையைத் தாண்டி வெளியே வண்டி ஏறும் வரை ஆறு ஏழு மணி நேரம் ஆகும். அதில் அவர்களுடைய ஒட்சிசன் ஒன்றரை மணி நேரத்துக்குத்தான். மீதி இடைவெளிக்கு, காற்றிலிருந்தே ஒட்சிசனைச் சேர்த்துத் தரும், விமானத்துக்கு அங்கீகரிக்கப்பட்ட கையடக்க ஒட்சிசன் செறிவாக்கியை வாடகைக்கு எடுப்பதே நல்ல வழி. அதுவே இருந்தால் நிறுவனத்தின் ஒட்சிசனும் தேவைப்படாது. கருவியின் மாதிரிப் பெயரை முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்குங்கள். பறக்கும் நேரத்தைப் போல ஒன்றரை மடங்குக்கு மின்கலம் கேட்பது வழமை. நீங்கள் அதோடு நிற்காமல் அந்த ஏழு மணி நேரத்தையும் கணக்கில் எடுங்கள். உதிரி மின்கலங்கள் கைப்பையில் மட்டும்தான் போக வேண்டும், முனைகளை ஒட்டுநாடாவால் மூடி வையுங்கள். 100 வாற்று மணிக்கு மேற்பட்டவற்றுக்குத் தனி அனுமதி வேண்டும். இத்தகைய கருவிகள் பல, மூக்கால் மூச்சை இழுக்கும்போது மட்டும் ஒட்சிசனை விடுகிறவை. அப்பா வாயைத் திறந்து தூங்கிவிட்டால் கருவிக்கு மூச்சு தெரியாமல் போகலாம். துணையாளர் அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சென்னையிலிருந்து வேலூர் சுமார் 140 கிலோமீற்றர், இன்னும் மூன்று மணி நேரம். அந்த வண்டியில் ஒட்சிசனை முன்பே ஏற்பாடு செய்துவிடுங்கள்.

மருந்துகளில் முதலில் கவலைப்பட வேண்டியது மலைப்பாதை. நுவரெலியாவிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையம் வரை ஐந்தாறு மணி நேரம், றம்பொடை வளைவுகள். வாந்தி வரும் என்று பாமசியில் ஒரு மாத்திரை வாங்கிக் கொடுப்பது எங்கள் வழக்கம். அவற்றில் பல தூக்கம் வரவைப்பவை. நுரையீரல் நோயாளிக்கு அந்த மயக்கத்தில் மூச்சு குறையலாம். பயத்துக்குத் தூக்க மாத்திரை கொடுப்பதும் அப்படியே. வைத்தியர் எழுதாமல் இவை இரண்டும் வேண்டாம். வெறும் வயிற்றில் இல்லாமல் கொஞ்சமாகச் சாப்பிட்டு, முன்னிருக்கையில் உட்கார்ந்து, நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்திப் போவது போதும். முதல்நாளே இறங்கி நீர்கொழும்பில் தங்குவதும் இதற்காகத்தான்.

இந்த நோய்க்கு அவர் பிரெட்னிசலோன் குடித்துக்கொண்டிருந்தால், அதை ஒருநாள்கூட விடக்கூடாது. நெடுநாள் குடித்தவருக்குத் திடீரென்று நின்றால் இரத்த அழுத்தம் விழுந்து மயக்கம் வரும். பெட்டி தொலைந்ததால் மருந்து நின்றது என்று ஆகாமலிருக்க, மூன்று நாள் மருந்தை வைத்தியர் சிட்டையோடு ஒரு சிறு பையில் போட்டுத் துணையாளரின் மடியில் வையுங்கள். மேலே உள்ள அடுக்கிலும் வேண்டாம். ஒரு மாத மருந்தை இரண்டாகப் பிரித்து, பாதியைக் கைப்பையிலும் பாதியைப் பெட்டியிலும் வையுங்கள். மாத்திரைகளை அட்டையிலிருந்து உரித்து டப்பாவில் போடக்கூடாது. சோதனையில் என்ன மருந்து என்று காட்ட முடியாமல் போகும். சிட்டையில் வணிகப் பெயரோடு மூலப் பெயரும் இருக்க வேண்டும், இங்குள்ள வணிகப் பெயர் அங்குள்ள கடையில் தெரியாது. திரவ மருந்து 100 மில்லிலீற்றருக்கு மேல் இருந்தாலும் சிட்டையோடு காட்டினால் விடுவார்கள். இருமலுக்கோ மூச்சுத் திணறலுக்கோ மோர்ஃபின் போன்ற கட்டுப்படுத்தப்பட்ட மருந்து இருந்தால், அளவும் நாட்களும் எண்ணி எழுதிய தனிக் கடிதம் வேண்டும். எண்ணிக்கை கடிதத்தோடு பொருந்த வேண்டும்.

இன்சுலின் போடுகிறார் என்றால், பெட்டியில் வைக்காதீர்கள். சாமான் அறைக் குளிரில் உறைந்தால் அது பயன்படாது, பார்வைக்குச் சில நேரம் தெரியவும் தெரியாது. கைப்பையில் ஈரத் துணியோ ஐஸ் கட்டியோ நேரே படாமல் சுற்றி வையுங்கள். நுவரெலியாவில் அலமாரியில் வைத்தே பழகியிருப்பீர்கள். வேலூர் வெயிலில் அப்படி முடியாது, தங்குமிடத்தில் குளிர்சாதனப் பெட்டி இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் ஈரமணலில் வைத்த மண்பானை. இலங்கைக்கும் இந்தியாவுக்கும் ஒரே நேரம் என்பதால் ஊசி, மாத்திரை எதன் நேரத்தையும் மாற்ற வேண்டியதில்லை.

சில நிலைகளில் டிக்கெட் வீணானாலும் ஏறக்கூடாது. காய்ச்சலோடு சளி கூடியிருந்தால், இருமலில் இரத்தம் வந்தால், ஒருபக்கம் திடீரென்று நெஞ்சு வலித்து மூச்சு முட்டினால் வைத்தியர் பார்க்கும் வரை நில்லுங்கள். கடைசியாகச் சொன்னது நுரையீரலுக்கு வெளியே காற்றுக் கசிந்ததாக இருக்கலாம். உயரத்தில் உடலுக்குள் அடைபட்ட காற்று மூன்றில் ஒரு பங்கு வரை விரியும் என்பதால், அது உயிருக்கே ஆபத்து. தரையிலேயே நிமிடத்துக்கு 4 லீற்றருக்கு மேல் தேவைப்படுகிறவரையும் சாதாரணப் பயணியாக அனுப்பக்கூடாது. எவ்வளவு இறங்குவார் என்று முன்கூட்டியே பார்க்க, 15 சதவீத ஒட்சிசனை இருபது நிமிடம் சுவாசிக்கவைக்கும் பரிசோதனை ஒன்று உண்டு. எல்லா வைத்தியசாலைகளிலும் செய்வதில்லை, உங்கள் வைத்தியரிடம் கேட்டுப் பாருங்கள். அது இல்லாத இடத்தில், நுவரெலியாவில் எடுத்த இலக்கமே உங்களுக்குக் கிடைக்கும் நல்ல சாட்சி. அங்கே ஓய்வில் 90 இருப்பவர் விமானத்தில் அதற்குச் சற்றுக் கீழே இருப்பார் என்று எடுத்துக்கொண்டு ஏற்பாடு செய்வதே பாதுகாப்பு.

திரும்பி வருவதையும் இப்போதே யோசியுங்கள். வேலூரில் சில வாரம் தாழ்நிலத்துக் காற்றில் இருந்துவிட்டு வரும் உடம்பு, மலைக்காற்றுக்குப் பழகியதை ஓரளவு மறந்திருக்கும். விமானத்தைவிட, அன்றிரவு நுவரெலியா வீட்டில் படுப்பது அவருக்குக் கடினமாக இருக்கும். வந்த அன்றே மேலே ஏறாமல் கண்டியில் ஓரிரண்டு நாள் தங்கவைத்து, இலக்கத்தைப் பார்த்து, வீட்டில் ஒட்சிசன் ஓடத் தயாராக இருக்கிறது என்று உறுதியான பிறகு அழைத்துப் போங்கள். முதல் இரண்டு மூன்று இரவுகள் தூங்கும்போதும் ஒக்சிமீட்டரைப் பார்க்க ஒருவர் விழித்திருக்கட்டும்.